ரேகையா, மடிப்பா?

வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, டார்ச் விளக்கை உள்ளங்கையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் கை வேறு முகம் காட்டும். நேர் வெளிச்சத்தில் நாலைந்து கோடுகள் மட்டும் தெரிந்த இடத்தில் இப்போது பல பத்துக் கோடுகள் எழுந்து நிற்கும். ஆயுள் ரேகை, புத்தி ரேகை, இருதய ரேகை மூன்றையும் குழந்தைகூடக் காட்டிவிடும். மற்றவற்றில் எதற்குப் பெயர் உண்டு, எது வெறும் தோல் சுருக்கம் என்று பிரிப்பதில்தான் கைரேகை பார்ப்பவரின் பயிற்சி தெரியும்.

இந்தப் பிரிப்பில் அதிகம் தடுமாற வைப்பவை இரண்டு: உள்ளுணர்வு ரேகையும் செவ்வாய் ரேகையும். இரண்டுமே எல்லாக் கையிலும் இருப்பதில்லை. இரண்டுமே, கையை மூடித் திறக்கும்போது தோல் அதிகமாக மடங்கும் பகுதிகளில் அமைந்தவை. அதனால் இல்லாத ரேகையை இருப்பதாகச் சொல்வது இந்த இடங்களில் மிக எளிது.

இரண்டையும் இன்று நாம் அறிந்த வடிவில் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் 'கீரோ' என்ற பெயரில் புகழ்பெற்ற வில்லியம் ஜான் வார்னர் (1866–1936). சாரா பெர்ன்ஹார்ட், மார்க் ட்வைன், பிற்காலத்தில் அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் தலைவரான அன்னி பெசன்ட் ஆகியோரின் கைகளைத் தம் நூலில் படமாகத் தந்தவர் அவர். அவருக்குச் சமகாலத்தவரான அமெரிக்கர் வில்லியம் பென்ஹாம் 1900இல் வெளியிட்ட பெரிய நூலும் இத்துறையினர் இன்றும் புரட்டும் நூல். தமிழில் கிடைக்கும் கைரேகைப் புத்தகங்கள் பலவற்றில் இந்த ஆங்கில நூல்களின் சாயலையும் நம் சாமுத்திரிகா மரபின் சொற்களையும் ஒன்றாகக் காணலாம்.

முதலில் இடம். வலது உள்ளங்கையை விரல்கள் மேலே இருக்குமாறு தன் முகத்துக்கு நேரே பிடித்தால், சுண்டுவிரல் பக்க விளிம்பு இடப்புறம் வரும். சுண்டுவிரலுக்கு நேர் கீழே இருக்கும் சதை புதன் மேடு. அதே விளிம்போடு கீழே இறங்கி மணிக்கட்டை நெருங்கும்போது வரும் அகன்ற சதை சந்திர மேடு. இந்த இரண்டு மேடுகளையும் இணைக்கும் வளைவே உள்ளுணர்வு ரேகை. அதன் வயிறு உள்ளங்கையின் நடுவை நோக்கிப் புடைத்திருக்கும். திறந்த பக்கம் கையின் விளிம்பைப் பார்த்திருக்கும். வலது கையில் அது அடைப்புக்குறியின் முடிவுப் பாதி போலவும், இடது கையில் தொடக்கப் பாதி போலவும் தெரியும். முன்கூட்டியே மனதில் படுதல், நினைவில் நிற்கும் கனவுகள், பிறர் மனநிலை சட்டென்று உறைத்தல் ஆகியவற்றை இதனோடு சேர்த்துச் சொல்வது மரபு.

செவ்வாய் ரேகை இருப்பது கையின் மறுபக்கத்தில். ஆயுள் ரேகை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரலை ஒட்டி, சுக்கிர மேட்டுக்கு மேலே ஒரு சிறு சதைப்பற்று உண்டு. அது கீழ்ச் செவ்வாய் மேடு. அங்கே பிறந்து, ஆயுள் ரேகைக்கு உட்புறமாக, அதன் வளைவுக்கு இணையாகவே கீழே இறங்குவது செவ்வாய் ரேகை. ஆயுள் ரேகைக்குத் துணை ரேகை என்றும் இதைச் சொல்வார்கள். உடல் வலிமையையும் போராடும் குணத்தையும் இது காட்டுவதாகக் கீரோ எழுதினார். அதே கீரோ, ஆயுள் ரேகையின் உட்புறம் தெரியும் மெல்லிய உடன்வரும் கோடுகளை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் எச்சரித்தார்.

கோடு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் குழப்பத்தின் காரணம் புரியும். ஆயுள், புத்தி, இருதய ரேகைகளை மருத்துவம் மடிப்புக் கோடுகள் என்கிறது. அங்கே தோல் அடியிலுள்ள திசுவோடு இறுகப் பிணைந்திருக்கிறது. கதவுக்குக் கீல் போல, கை மடங்குவதற்கான இடம் அது. தாய் வயிற்றில் ஏறத்தாழ 12, 13ஆம் வாரத்துக்குள் இந்த முக்கியக் கோடுகள் உருவாகிவிடுகின்றன. மீதிச் சிறு கோடுகள் பலவும் தோலின் வறட்சி, வயது, கையைப் பயன்படுத்தும் விதம் இவற்றால் கூடியும் குறைந்தும் வருபவை. எக்ஸிமா உள்ளவர்களிலும், இக்தியோசிஸ் எனும் பரம்பரைத் தோல் வறட்சி உள்ளவர்களிலும் உள்ளங்கை முழுக்கக் கோடுகள் நிறைந்திருப்பதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அப்படிப்பட்ட கையில் எந்த வளைவைத் தேடினாலும் கிடைக்கும். ஆகவே கை வறண்டிருந்தால் எண்ணெய் தடவி, தோல் இளகிய பிறகு பார்ப்பது நல்லது.

சந்திர மேட்டின் விளிம்பில் இன்னொரு கண்ணியும் உண்டு. அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே பால்மாரிஸ் பிரெவிஸ் என்ற சிறு தசை இருக்கிறது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது அது சுருங்கி, சுண்டுவிரல் பக்க விளிம்பின் தோலை உள்ளே இழுத்துச் சுருக்கும். கட்டைவிரலைச் சுண்டுவிரல் நுனியில் தொட்டுப் பார்த்தாலும் உள்ளங்கை குழிந்து, விளிம்புக்கு இணையாக மடிப்புகள் விழும். அவை லேசாக வளைந்தும் இருக்கும். பழக்கமில்லாத கண் அவற்றில் ஒன்றை உள்ளுணர்வு ரேகை என்று எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

இதற்கான சோதனை மிக எளிமையானது. கையைத் தளர்வாக வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நன்றாக விரித்து, மறு கையின் விரலால் விளிம்புத் தோலை வெளிப்பக்கம் மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். வெறும் மடிப்பு அப்போது மறைந்துபோகும். ரேகை மங்கினாலும் அதன் தடம் தோலில் தொடர்ந்து தெரியும்.

மடிப்பு விலகினாலும் போட்டி முடிவதில்லை. புதன் ரேகை, அதாவது ஆரோக்கிய ரேகை, அதே புதன் மேட்டில்தான் முடிகிறது. ஆனால் அது உள்ளங்கையின் கீழ்ப் பகுதியிலிருந்து, ஆயுள் ரேகைக்குப் பக்கத்திலிருந்து, சாய்வாக மேலே ஏறுவது, பெரும்பாலும் நேர்கோடு. உள்ளுணர்வு ரேகையின் கீழ்முனை சந்திர மேட்டில்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கையில் தனித்தனியாக இருக்கவும் கூடும். சந்திர மேட்டின் விளிம்பிலிருந்து குறுக்காக உள்ளே வரும் குட்டைக் கோடுகளோ பயண ரேகைகள். அவற்றின் திசையே வேறு. ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: மேல்முனை எங்கே, கீழ்முனை எங்கே, வயிறு எந்தப் பக்கம்? மூன்றுக்கும் சரியான விடை வந்தால்தான் உள்ளுணர்வு ரேகை என்ற பெயர்.

செவ்வாய் ரேகைக்கும் தொடக்கப் புள்ளியே முதல் சான்று. ஆயுள் ரேகையிலிருந்தே கிளைத்து உள்ளே இறங்கும் மெல்லிய கோடுகளைத் தாக்க ரேகைகள் என்பார்கள். உறவினர், வாழ்க்கைத் துணை போன்றோரின் செல்வாக்கை அவை குறிப்பதாக மரபு. கட்டைவிரலின் அடியிலிருந்து குறுக்கே வந்து ஆயுள் ரேகையை முட்டுபவை கவலை ரேகைகள். செவ்வாய் ரேகை ஆயுள் ரேகையைத் தொடாமல், செவ்வாய் மேட்டில் தானே தொடங்கி, இணையாகவே ஓடும். இங்கும் கட்டைவிரலை விரித்துப் பார்க்கும் சோதனை அவசியம். கட்டைவிரல் உள்ளே மடங்கும்போதெல்லாம் சுக்கிர மேட்டின் தோல் ஆயுள் ரேகைக்கு இணையாகவே மடிகிறது.

இனி, இந்த முறை நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை மாதிரிக்கு ஒரு கையை வைத்துப் பார்க்கலாம். 45 வயதுத் தையல்காரப் பெண்மணி. வலது கையில் கத்தரிக்கோல் பிடிப்பவர். சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கி சந்திர மேடு வரை ஒரு நீண்ட வளைவு முதல் பார்வையில் தெரிகிறது. டார்ச்சைத் தாழ்த்தியதும் வளைவின் நடுவே ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளி இருப்பது புலப்படுகிறது. மேல்துண்டைப் பூதக்கண்ணாடியால் தொடர்ந்தால், அது சந்திர மேட்டுக்குத் திரும்பாமல் சாய்வாக ஆயுள் ரேகையை நோக்கிப் போகிறது. ஆக, அது புதன் ரேகை. கையை விரித்து விளிம்புத் தோலை இழுத்ததும் கீழ்த்துண்டு காணாமல் போகிறது. அது கத்தரிக்கோலை இறுக்கிப் பிடிக்கும்போது விழுந்து பழகிய மடிப்பு. அந்தச் சாதனத்தைப் பிடிக்காத இடது கையில் அந்தத் துண்டே இல்லை. இரண்டு வெவ்வேறு கோடுகளைக் கண்தான் ஒரே வளைவாகச் சேர்த்துவிட்டது.

அதே கையில் ஆயுள் ரேகைக்கு உட்புறம் மூன்று கோடுகள். அவற்றில் இரண்டு, ஆயுள் ரேகையிலிருந்தே முளைத்தவை. அவை தாக்க ரேகைகள். மூன்றாவது, ஆயுள் ரேகையைத் தொடாமல் செவ்வாய் மேட்டில் தொடங்கி, அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 4 செ.மீ. தூரம் இணையாக இறங்கி நின்றுவிடுகிறது. கட்டைவிரலை எவ்வளவு விரித்தாலும் அதன் தடம் அழியவில்லை. இடது கையிலும் அதே இடத்தில், சற்றுக் குட்டையாக, ஒன்று இருக்கிறது. இதைச் செவ்வாய் ரேகை என்று குறித்துக்கொள்ளலாம். பாதியில் நிற்பதால், ஆயுள் ரேகையின் முற்பகுதிக்கு மட்டுமே துணை என்று மரபு வாசிக்கும்.

இந்த முறை சொல்வது ஒன்றைத்தான்: ஒரு கோடு நூல்கள் விவரிக்கும் ரேகைதானா, இல்லையா என்பது. அந்த ரேகை உள்ளவருக்கு உண்மையிலேயே உள்ளுணர்வு கூடுதல், துணிவு கூடுதல் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. உடல்நலத்தையோ ஆயுளையோ இந்த ரேகைகளை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் மரபின் வாசிப்பைக் கேட்க விரும்புகிறவருக்கும், தன் கையில் இருக்கும் கோட்டுக்கான பலனைக் கேட்கும் உரிமை உண்டு. கத்தரிக்கோல் மடிப்புக்குக் கனவுப் பலன் சொன்னால் அது மரபுக்கும் பொருந்தாது.

சந்தேகம் தீராதபோது மை ரேகை எடுப்பது வழக்கம். கண்ணாடித் தகட்டில் நீரில் கழுவக்கூடிய அச்சு மையை உருளையால் மெல்லியதாகப் பரப்பி, அதே உருளையால் உள்ளங்கையில் பூசி, வெள்ளைத் தாளில் பதிக்க வேண்டும். உள்ளங்கையின் குழி பதியாமல் வெள்ளையாக நின்றுவிடும் என்பதால், தாளுக்கு அடியில் மடித்த துணியோ மெல்லிய ஸ்பாஞ்சோ வைக்க வேண்டும். மை தடித்துவிட்டால் மெல்லிய ரேகைகள் அடைபட்டுப்போகும். கையை அழுத்தித் தேய்த்தால் இல்லாத கோடுகள் விழும். அதனால் ஒவ்வொரு கைக்கும் இரண்டு மூன்று பதிவுகள் எடுத்து, தாளின் ஓரத்தில் தேதியையும் எந்தக் கை என்பதையும் பென்சிலால் எழுதிவைப்பார்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் புதிய பதிவை அந்தப் பழைய தாளின் பக்கத்தில் வைத்து, சந்தேகத்துக்குரிய கோடு அதே புள்ளியில் தொடங்கி அதே புள்ளியில் முடிகிறதா என்று அளவுகோலால் பார்ப்பார்கள்.