இறங்கும்போது தெரியும் சாரமதி

'சிந்து பைரவி' (1985) படத்தின் 'பாடறியேன்' பாட்டைக் கேட்ட பலரும், அது நாட்டுப்பாடலில் தொடங்கிக் கர்நாடக சங்கீதத்தில் முடிகிறது என்பார்கள். பாதிதான் சரி. மெட்டின் நடை மாறுகிறது, மொழி மாறுகிறது, ராகம் மாறவில்லை. 'மரி மரி நின்னே' என்ற கீர்த்தனையைத் தொடும்வரை ஓடியதும் சாரமதிதான், பிறகு ஓடுவதும் சாரமதிதான்.

தியாகையரின் அந்தக் கீர்த்தனை கச்சேரிகளில் காம்போஜியில்தான் பாடப்படும். படத்துக்காக ராகம் மாற்றப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வேறுபாடு முதலில் காந்தாரத்தில் தட்டுப்படும். காம்போஜியில் இருப்பது அந்தர காந்தாரம். சாரமதியில் சாதாரண காந்தாரம், அதாவது அரை சுரம் கீழே. அதே சொற்கள்தான், ஆனால் காம்போஜியில் நிமிர்ந்து நிற்கும் கெஞ்சல் இங்கே கரைந்து போகிறது.

இந்த வேறுபாட்டைக் காதுதான் பிடிக்க வேண்டும். இங்கேதான் கவலை. 'இந்த ராகத்தில் வந்த சினிமாப் பாடல்கள்' என்ற பட்டியல்கள் இன்று கைக்குக் கை போகின்றன. அவற்றை மனப்பாடம் செய்தவருக்குப் பெயர் தெரியும், காதுக்கு எதுவும் தெரியாது. பெயரே தேவையில்லை, ரசித்தால் போதும் என்பாரும் உண்டு. அவர்கள் ரசிக்கட்டும். புரிந்து கேட்க விரும்புபவருக்கு அது போதாது.

சாரமதி ஏறும்போது ஏழு சுரங்களையும் தொடும்: ச ரி க ம ப த நி ச. இது அப்படியே நடபைரவியின் ஏற்றம். ஆக, ஏற்றத்தை மட்டும் கேட்டு எவராலும் சாரமதி என்று சொல்ல முடியாது. இறக்கத்தில் பஞ்சமமும் ரிஷபமும் விழுந்துவிடும்: ச நி த ம க ச. இதுவோ ஹிந்தோளத்தின் இறக்கம்! ஏறுகையில் ஒரு ராகம், இறங்குகையில் இன்னொரு ராகம் போலக் கேட்கும் இந்த இரட்டை முகம்தான் சாரமதி. ராகம் என்றால் சுரங்களின் எண்ணிக்கை என்று நினைப்பவர் தடுமாறுவது இங்கேதான்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முதலில் பாட்டு வந்து ஓயும் சுரத்தை, அதாவது சட்ஜத்தை, வாய்க்குள் முனகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு குரல் மேலிருந்து அதை நோக்கி இறங்கும் இடங்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் ரிஷபமும் பஞ்சமமும் ஒலித்து, இறக்கத்தில் காந்தாரத்திலிருந்து படி தாண்டிக் குதித்துச் சட்ஜத்தில் நின்றால் சாரமதியாக இருக்கலாம். இறங்கும்போது இடையில் ரிஷபத்தை மிதித்து வந்தால் சந்தேகப்படலாம்.

வாத்தியங்களை இதற்கு நம்ப வேண்டாம். திரைப்பாட்டில் பின்னணி இசை, குரல் தவிர்க்கும் சுரங்களையும் தொடும், ராக விதியை மீறிய கலப்பும் வரும். குரலையே பின்தொடர வேண்டும்.

அடுத்து 'மோக்ஷமு கலதா' என்ற கீர்த்தனையைக் கேட்கலாம். தியாகையர் சாரமதியிலேயே இயற்றியது அது. அதையும் கேட்டுவிட்டுத் திரும்பிவந்து, படப்பாட்டின் கடைசியில் சுரம் பாடும் பகுதியில், குரல் ஒவ்வொரு முறை சட்ஜத்துக்கு இறங்கும்போதும் ரிஷபம் வருகிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம்.