அசைன்மென்ட் அனுப்பியாச்சு, பதிலைக் காணோம்

ஐ.டி. கம்பெனிகளிலும் ஸ்டார்ட்-அப்களிலும் இன்டர்வியூவுக்கு நடுவில் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பது இப்போது சகஜம். புரோகிராமர் வேலை என்றால் சின்னதாக ஒரு அப்ளிகேஷன் எழுதச் சொல்வார்கள். டேட்டா அனலிஸ்ட் என்றால் ஒரு எக்செல் ஃபைலும் நாலைந்து கேள்விகளும் வரும். மார்க்கெட்டிங் என்றால் ஒரு கேஸ் ஸ்டடி. "நாலு மணி நேரம் போதும்" என்பார்கள். சனி, ஞாயிறு இரண்டும் அதிலேயே போய்விடும். அனுப்பியதும் ஹெச்.ஆரிடமிருந்து நன்றி சொல்லி ஒரு வரி வரும். அதன்பிறகு சத்தமே இருக்காது.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது என்பதெல்லாம் ஓரளவு தெளிவாகிவிடும். நம்மோடு பேசுகிற ஹெச்.ஆர். அந்த அசைன்மென்ட்டைத் திருத்துவதில்லை. திருத்துகிறவர் அந்த டீமில் வேலை பார்க்கும் ஒரு சீனியர். அவருக்கு இது கூடுதல் சுமை. தன் சொந்த டெட்லைன்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கித்தான் பார்ப்பார். பல இடங்களில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் அட்டையில் குறிப்பு எழுதுவார்கள். இரண்டும் வந்தபிறகு மேனேஜர் முடிவெடுப்பார். ஆக, நாம் ஹெச்.ஆரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்கும்போது, பெரும்பாலும் அவரும் வேறொருவரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நம் மெயிலை அவர் அப்படியே அந்த சீனியருக்கு ஃபார்வர்டு செய்ய முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதுரையில் படித்து முடித்த ஒரு பெண், சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். வீட்டுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆர்டர்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, "டெலிவரி ஏன் தாமதமாகிறது, எங்கே அதிகம் தாமதமாகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். கணக்குகளையும் ஐந்து ஸ்லைடுகளையும் கூகுள் டிரைவில் போட்டு, ஞாயிறு இரவு லிங்க்கை அனுப்புகிறாள். "ஒரு வாரத்துல சொல்றோம்" என்கிறார் ஹெச்.ஆர். அடுத்த ஞாயிறும் வந்து போகிறது.

இங்கே அவசரப்பட்டுக் கேட்பதற்கு முன்னால் அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தான் அனுப்பியது திறக்கிறதா என்று பார்ப்பது. பதில் வராததற்கு இது எத்தனை சாதாரணமான காரணம் என்பது பலருக்குத் தெரியாது. கூகுள் டிரைவில் ஒரு ஃபைலைப் போட்டால், நாம் மாற்றாதவரை அது Restricted என்றுதான் இருக்கும். லிங்க்கை அழுத்துகிறவருக்கு Request access என்ற பக்கம் வரும். அவர் அதை அழுத்தினால் அனுமதி கேட்டு ஒரு மெயில் போகும். எங்கே போகும்? ஃபைல் எந்த அக்கவுன்ட்டில் இருக்கிறதோ அங்கே. அவள் விண்ணப்பித்தது சொந்த ஜிமெயிலில். ஃபைலைப் போட்டது காலேஜ் கொடுத்த ஐ.டி.யில். அந்த மெயில்பெட்டியை அவள் திறந்தே மாதக்கணக்காகிறது. சில கல்லூரிகள் வெளியாட்களுக்குப் பகிர்வதையே தடுத்து வைத்திருக்கும், படிப்பு முடிந்ததும் அக்கவுன்ட்டையே மூடிவிடுகிற கல்லூரிகளும் உண்டு. லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோவில் போட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அங்கே திறந்தால் எவருக்கும் திறக்கும்.

புரோகிராமர்களுக்கு வேறு கண்ணிகள் இருக்கின்றன. GitHub-இல் பிரைவேட்டாக வைத்த புராஜெக்ட்டைப் பார்க்க ஒருவரை அழைத்தால், அந்த அழைப்பு 7 நாளில் காலாவதியாகிவிடும். திருத்துகிறவர் எட்டாவது நாள் வந்தால் அவருக்குக் கதவு மூடியிருக்கும். ஜிப் செய்து மெயிலில் அனுப்புவதும் சிக்கல்தான். 25 எம்.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் இணைக்க விடாது. ஜிப்புக்குள் `.js` ஃபைல் இருந்தாலும் தடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறவரின் ஜிப்பில் வேறென்ன இருக்கும்!

சரி, லிங்க்கைச் சரிசெய்தாயிற்று. இனி கேட்கலாம். அவர்களே தேதி சொல்லியிருந்தால், அந்தத் தேதி முடிந்து ஒன்றிரண்டு வேலை நாள் விட்டுக் கேட்பது முறை. தேதி எதுவும் சொல்லவில்லை என்றால், அனுப்பியதிலிருந்து ஐந்து முதல் ஏழு வேலை நாள் பொறுப்பது வழக்கம். திங்கள் காலையும் வெள்ளி மாலையும் மெயில்பெட்டிகள் நிரம்பி வழியும் நேரம், அதைத் தவிர்ப்பது நல்லது. பொங்கல், தீபாவளி வாரங்களை நாள் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

அவள் செவ்வாய்க்கிழமை எழுதுகிறாள். அனுப்புவது ஆங்கிலத்தில்தான், விஷயத்தை இங்கே தமிழில் தருகிறேன். புதிய மெயில் போடாமல், அசைன்மென்ட் அனுப்பிய அதே மெயிலுக்குக் கீழேயே பதிலாக எழுதுகிறாள். அப்போதுதான் லிங்க்கும் தேதியும் வேலையின் பெயரும் ஒரே இடத்தில் இருக்கும்.

"வணக்கம் மேடம். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கான டெலிவரி அசைன்மென்ட்டை கடந்த 6-ம் தேதி அனுப்பியிருந்தேன். ஒரு வாரத்தில் சொல்வதாகக் கூறியிருந்தீர்கள். மதிப்பீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது முடிவு எதிர்பார்க்கலாம் என்று தெரிவிக்க முடியுமா? முன்பு அனுப்பிய லிங்க்கில் அனுமதிச் சிக்கல் இருந்திருக்கலாம் என்பதால், எல்லோருக்கும் திறக்கும் லிங்க்கைக் கீழே தந்திருக்கிறேன். உள்ளடக்கத்தில் எதையும் மாற்றவில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். காலக்கெடு முடிந்தபிறகு ஃபைலைத் திருத்திவிட்டாளோ என்ற சந்தேகத்துக்கு அது இடம் தரவில்லை. டிரைவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரம் பதிவாகும், ஆகவே ஆசைப்பட்டு ஒரு ஸ்லைடை மெருகேற்றியிருந்தால் இந்த வரியை எழுத முடியாது.

இதோடு ஒப்பிட்டால், வாட்ஸ்அப்பில் "எனி அப்டேட் மேம்?" என்று தட்டிவிடுவது ஹெச்.ஆருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. யார், எந்த வேலை, எப்போது அனுப்பியது என்று அவர் தேடவேண்டும். தேடுவதைவிட "சொல்றோம்" என்று போடுவது சுலபம், அதைத்தான் போடுவார். கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் இன்னொரு எச்சரிக்கை: கேள்வி கன்சல்டன்சிக்குத்தான் போக வேண்டும். அவர்களைத் தாண்டிக் கம்பெனிக்கு எழுதினால் இரண்டு பக்கமும் சங்கடம்.

முதல் மெயிலுக்குப் பதில் இல்லையா, ஒரு வாரம் கழித்து இன்னொன்று எழுதலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது மெயில் நிலைமையை மாற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு சூழ்நிலை மட்டும் விதிவிலக்கு. வேறு கம்பெனியின் ஆஃபர் கையில் இருந்து, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி நெருங்கினால், அந்தத் தேதியைச் சொல்லி உடனே எழுதலாம். அது ஹெச்.ஆர். தன் மேனேஜரை அவசரப்படுத்த உதவுகிற நியாயமான காரணம். இல்லாத ஆஃபரைச் சொல்லி மிரட்டினால், "அப்படியானால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்று பதில் வந்துவிடும்.

இனி ஃபீட்பேக். நிலவரம் கேட்கிற மெயிலிலேயே "என் வேலை எப்படி இருந்தது?" என்றும் சேர்த்துக் கேட்பவர்கள் பலர். நான் அதை வேண்டாம் என்பேன். முடிவு வெளியாகாதபோது கருத்துச் சொன்னால் அது முடிவைச் சொன்னது போலாகிவிடும், ஹெச்.ஆர். வாயைத் திறக்க மாட்டார். இரண்டு கேள்வி இருந்தால் இரண்டுக்குமே பதில் தள்ளிப்போகும். முடிவு வந்தபிறகு, ஓரிரு நாளுக்குள் கேட்பதே சரி. அப்போதுதான் திருத்தியவருக்கும் நினைவிருக்கும். நிராகரிப்பு மெயில் `noreply` முகவரியிலிருந்து வந்திருந்தால் அதற்குப் பதில் எழுதிப் பயனில்லை, ஹெச்.ஆரின் பழைய மெயிலுக்கே எழுத வேண்டும்.

கேட்டால் கிடைத்தே தீருமா? தீராது. ஃபீட்பேக் தருவதில்லை என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய. எழுத்தில் கொடுத்த ஒரு வரி நாளை வழக்காகலாம் என்ற பயம் ஒன்று. சொன்னதும் வாதாட வருகிறவர்கள்மேல் உள்ள அலுப்பு இன்னொன்று. பொதுத் தேர்வு எழுதியவருக்கு இருக்கும் வசதி இங்கே இல்லை. திருத்திய விடைத்தாளை மாணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கலாம் என்று சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சட்டம் பொது அமைப்புகளுக்குத்தான், ஓ.எம்.ஆரில் உள்ள தனியார் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஐரோப்பாவில் கதை வேறு. அயர்லாந்தில் கணக்காளர் தேர்வில் தோற்ற ஒருவர் தொடர்ந்த வழக்கில், விடைத்தாளும் அதில் திருத்தியவர் எழுதிய குறிப்பும் அவருடைய சொந்தத் தகவல்களே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் சொன்னது. அங்கே வேலை தேடும் நம்மவர்களுக்கு, தன்னைப் பற்றிய குறிப்புகளின் நகலைக் கேட்க வழி உண்டு. ஆனால் ஒரு அசைன்மென்ட்டுக்காக சட்டத்தைக் காட்டிக் கேட்டால் காகிதம் கிடைக்கும், உறவு முறிந்துவிடும்.

அவளுக்கு "இன்னும் பொருத்தமானவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று வந்தது. அது எல்லோருக்கும் போகிற அச்சு வாசகம்; அதில் அர்த்தம் தேடிப் பயனில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு இப்படிக் கேட்டாள்: "முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கவில்லை. டேட்டாவைச் சுத்தம் செய்த விதம், எட்டிய முடிவு, ஸ்லைடுகளில் விளக்கிய விதம் - இவற்றில் எது குறைவாக இருந்தது என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?"

"எங்கே தப்பு செய்தேன்?" என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல ஒரு கட்டுரை எழுத வேண்டும். இதற்கு ஒரு சொல் போதும். ஹெச்.ஆர். அதை அப்படியே திருத்தியவருக்குத் தள்ளிவிடலாம். அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது: டெலிவரி நேரம் காலியாக இருந்த ஆர்டர்களில் அவள் சராசரி நேரத்தை நிரப்பியிருக்கிறாள், அவையெல்லாம் ரத்தான ஆர்டர்கள், நீக்கியிருக்க வேண்டும். நீக்கினால் "சனிக்கிழமை இரவுதான் மோசம்" என்ற அவளுடைய முடிவே நிற்காது.

இப்படிப் பதில் வந்தால் ஃபைலைத் திறந்து சரிபார்ப்பது முதல் வேலை. அவள் அந்த வரிசைகளை நீக்கி மறுபடி கணக்குப் போட்டாள். சனிக்கிழமை மற்ற நாட்களோடு சேர்ந்துகொண்டது. சில நேரம் சரிபார்த்தால் சொன்னவர் பக்கமே தவறு இருக்கும். அப்போதும் நன்றி ஒன்றுதான் எழுத வேண்டும். ஒருவரின் பார்வை அது, அடுத்த கம்பெனியில் திருத்துகிறவர் வேறு மாதிரி எதிர்பார்ப்பார்.

ஃபீட்பேக் தர முடியாது என்று சொல்கிற கம்பெனியிடமும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: "மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்?" பல இடங்களில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இடைவெளி வைத்திருப்பார்கள். அது ஹெச்.ஆருக்கே தெரிந்த விதி, எந்த சீனியரையும் கேட்க வேண்டியதில்லை. இதற்கு அநேகமாகப் பதில் வந்துவிடும்.