வீட்டிலிருந்து வேலை: ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை

எமது இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவினர் மூவர் வாரத்தில் இரு நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கின்றனர். அவர்களுக்குப் புதிய விதியொன்றை அறிவிக்க அண்மையில் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். காரணம் தெரியாத உத்தரவை எவரும் நீண்ட நாள் பின்பற்றுவதில்லை. எனவே நடந்ததை முதலில் எழுதினேன்.

ஊழியர் ஒருவர் போலியான பக்கமொன்றில் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். உள்ளே நுழைந்தவன் எதையும் அழிக்கவில்லை. எமக்கு வரும் மடல்களின் பிரதி தனக்கும் வரும்படி செய்துவிட்டுக் காத்திருந்தான். விநியோகஸ்தரின் இன்வொய்ஸ் வந்த மறுநாள், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்றொரு மடல் வந்தது. முகவரியில் ஓர் எழுத்து மட்டுமே வித்தியாசம். பணம் அனுப்பும் முன் விநியோகஸ்தருடன் தொலைபேசியில் பேசியதால் தப்பினோம்.

இனி வீட்டிலிருந்து மின்னஞ்சலைத் திறக்கக் கடவுச்சொல் மட்டும் போதாது. கைத்தொலைபேசிச் செயலியில் 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணும் வேண்டும். அதை யார் கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லக்கூடாது.

போலிப் பக்கம் அந்த எண்ணையும் பறிக்கக்கூடும். ஆகவே கணக்கிலக்கம் மாறியதாக மடல் வந்தால், அதிலுள்ள இலக்கத்துக்கல்ல, எமது பழைய பதிவேட்டிலுள்ள இலக்கத்துக்கே அழைத்து உறுதிசெய்ய வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தத் திருட்டுப் பிரதி நிற்பதில்லை. அதனால் திங்கள்தோறும் மின்னஞ்சல் அமைப்பில் 'Forwarding', 'Rules' பகுதிகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தவறுதலாகக் கடவுச்சொல்லைக் கொடுத்தவர் உடனே அறிவித்தால் சம்பளத்தில் கை வைக்கமாட்டேன் என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன்.