ஜெட் போனால் யார் வாங்குவார்?

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்தது. புதிய பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், எரிபொருளைக் கணினி அளந்து பீய்ச்சும் ஏற்பாடு வந்துவிட்டது. வண்டி வாங்குபவருக்கு இது விலை கொஞ்சம் கூடியதோடு முடிந்த விஷயம். கார்புரேட்டருக்குள் இருக்கும் பித்தளை ஜெட்டைக் கடைந்து கொடுத்துப் பிழைத்த சிறு பட்டறைகளுக்கோ, புது வண்டிக்கான ஆர்டர் ஒரே தேதியில் நின்றுபோயிற்று.

திடீரென்று வந்த இடி என்று இதைச் சொல்ல முடியாது. பிஎஸ்-5ஐத் தாண்டி நேராக பிஎஸ்-6க்குப் போகிறோம் என்று மத்திய அரசு 2016லேயே அறிவித்துவிட்டது. 2020 மார்ச் 31க்குப் பிறகு பிஎஸ்-4 வண்டி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொன்னது. ஆக, தேதி எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேதிக்குப் பிறகு தன் தொழில் நிற்குமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எப்படிச் சோதித்துப் பார்த்திருக்கலாம்? இன்று எஞ்சின் பாகம் கடைகிற எல்லாப் பட்டறைக்கும் மின்வண்டி அதே கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதால், அந்த ஜெட்டையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2018ல் ஓசூரில் ஒருவர் ஜெட் கடைய 25 லட்சம் கடனில் ஒரு சிஎன்சி கடைசல் இயந்திரம் வாங்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை. 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 54,000 ரூபாய். சம்பளம், கரண்ட், டூல், வாடகை எல்லாம் சேர்த்து 60,000. ஆக, மாதம் 1,14,000 வந்தாக வேண்டும். ஜாப் ஒர்க் மணிக்கு 350 ரூபாய் என்றால் 326 மணி நேரம் இயந்திரம் ஓட வேண்டும். இரண்டு ஷிப்ட், 25 நாள் என்று பார்த்தால் 400 மணி நேரம் கையில் இருக்கிறது. அதில் 280 மணி ஜெட்டுக்கு, 120 மணி சில்லறை வேலைக்கு. மாதம் 26,000 ரூபாய் மிஞ்சுகிறது. பரவாயில்லாத தொழில்.

இப்போது ஜெட் வேலையைப் பாதியாக வெட்டுங்கள். 280ல் 140 போனால் மொத்தம் 260 மணி. வரவு 91,000, மாதம் 23,000 கைக்கடி. அதை அடைக்க 66 மணி நேர வேலை வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். ‘வேறு கஸ்டமர் பார்த்துக்கலாம்’ என்று சும்மா சொல்வதற்கும், மாதம் 66 மணி வேலை தருபவர் யார் என்று கேட்பதற்கும் நிறைய தூரம். இரண்டாவது கேள்விக்குத்தான் பட்டியல் போட முடியும்.

பட்டியல் போட உட்காரும்போது பலர் செய்கிற பிழை, விற்கும் பொருளின் பெயரை எழுதுவது. ‘கார்புரேட்டர் ஜெட்’ என்று எழுதினால் அடுத்த வரியில் கார்புரேட்டர் கம்பெனி தவிர யாரும் வர மாட்டார்கள். கையில் இருக்கும் வேலையை எழுத வேண்டும். ஜெட்டை எடுத்துப் பாருங்கள்: விரல் நகத்தை விடச் சிறிய பித்தளைத் துண்டு, வெளியே மரை, நடுவில் மெல்லிய துளை. சில கம்பெனி ஜெட்டில் 100 என்று பொறித்திருந்தால் துளை 1 மில்லிமீட்டர் என்று பொருள். அது 1.05 ஆகிவிட்டால் துளையின் பரப்பு பத்து சதவீதம் கூடும். வண்டி பெட்ரோலைக் குடிக்கும், பிளக் கறுக்கும். எனவே அந்தப் பட்டறைக்காரருக்குக் கைவந்தது இது: பித்தளைக் கம்பியிலிருந்து ஆயிரக்கணக்கில் சிறு துண்டு கடைந்து, ஒரு மில்லிமீட்டர் அளவிலான ஆழமில்லாத துளையை நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் போட்டு, பின் கேஜ் விட்டுச் சோதித்து அனுப்புவது. இப்படி எழுதிய பிறகுதான் துளை யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்க முடிகிறது.

முதலில் நினைவுக்கு வருவது பழைய வண்டி. சாலையில் ஓடும் கார்புரேட்டர் பைக்குகளுக்கு உதிரிபாகக் கடைகளில் ஜெட் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். புல்வெட்டும் இயந்திரம், சிறிய ஜெனரேட்டர் போன்றவற்றிலும் கார்புரேட்டர் உண்டு. ஆனால் இவர்கள் எல்லோரும் பெட்ரோலை நம்பியவர்கள். மெதுவாகத் தேய்வார்கள், ஆனால் தேய்வார்கள். இவர்களை அவகாசம் தருபவர்கள் என்று தனியாக எழுதலாம். மாற்று வாங்குபவர்கள் என்று எண்ணக் கூடாது. பிரதான கஸ்டமரைக் கொண்டுபோகிற அதே காரணம் இவரையும் கொண்டுபோகுமா என்ற கேள்வியைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் போட்டாக வேண்டும்.

அடுத்து, பார்த்தவுடன் ஆசை காட்டும் ஒரு பெயர். சிஓ2 வெல்டிங் துப்பாக்கி முனையில் ‘டிப்’ என்ற செம்புத் துண்டு இருக்கும். அதன் வழியாகத்தான் வெல்டிங் கம்பி வெளியே வரும். 0.8, 1.0, 1.2 மில்லிமீட்டர் கம்பிகளுக்கு ஏற்ற துளை, வெளியே மரை. தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவார்கள். எனவே ஓயாத ஆர்டர். அளவும் மரையும் ஜெட் மாதிரியே இருக்கிறதே என்று பெயரை எழுதிவிடலாம். துளையின் ஆழத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஜெட்டில் அளவுத் துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். டிப்பில் அது முனை முதல் முனை வரை, இருபத்தைந்து மில்லிமீட்டருக்கும் மேல் போகும். போதாக்குறைக்குச் செம்பு பித்தளை மாதிரிப் பொடிப்பொடியாக உதிராது, நீளச் சுருளாக வந்து டிரில்லைச் சுற்றிக்கொண்டு முறிக்கும். ஆழத் துளைக்கான கருவி, அழுத்தமான கூலண்ட் என்று தனிச் செலவு. இவரிடம் இருப்பது அந்தத் திறமை இல்லை. அடித்துவிட வேண்டியதுதான்.

மூன்று பின் பிளக்கின் பித்தளைப் பின்னும் பட்டியலில் வரும். கடைவது சுலபம், சுலபமாக இருப்பதே அதன் கோளாறு. அங்கே துல்லியத்துக்குக் காசு இல்லை. குஜராத்தின் ஜாம்நகர் பித்தளைச் சாமான்களுக்கென்றே பெயர்போன ஊர். அவர்களோடு கிலோ விலையில் மோத ஓசூர்க்காரர் மணிக்கு 350 ரூபாயை மறக்க வேண்டியிருக்கும். வேலையைச் செய்ய முடிந்தாலும் தவணை கட்ட உதவாதவரை வைத்திருந்து பயன் இல்லை.

கடைசியில் நிற்பது நம் வீட்டு அடுப்பு. பர்னருக்கு அடியில் காஸை விடும் நாசில் ஒரு சிறு பித்தளைத் துண்டுதான். துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆழம் இல்லை, அளவு பிசகினால் சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரிபிடிக்கும். அதே உலோகம், அதே துளை, அதே கேஜ். பைக் ஆர்டரைக் கொண்டுபோகும் காரணம் அடுப்பைத் தொடவும் தொடாது. சமையல் காஸே மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் நல்ல பதில் இருக்கிறது. சிலிண்டர் காஸ் அடுப்புக்கு 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. குழாய்வழி இயற்கை எரிவாயு 21 மில்லிபாரில், அதுவும் அதே கொள்ளளவுக்குக் குறைந்த சூட்டோடு வருகிறது. அதனால் குழாய் இணைப்புக்கு மாறும் வீட்டில் அடுப்பின் பழைய நாசிலைக் கழற்றிப் பெரிய துளை நாசிலை மாட்ட வேண்டும். குழாய் காஸ் பரவினால் இவருக்கு ஆர்டர் கூடத்தான் செய்யும். மின்சார அடுப்பு மட்டுமே உண்மையான எதிரி.

இனி 66 மணியைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாசிலுக்கு அரை நிமிடம் என்றால் மணிக்கு 120, மாதம் ஏறத்தாழ 7,900 நாசில். இரண்டு பர்னர் அடுப்பாக இருந்தால் சுமார் 3,950 அடுப்பு. மாதம் நாலாயிரம் அடுப்பு செய்யும் ஒரு கம்பெனி, அல்லது ஆயிரம் ஆயிரமாகச் செய்யும் நாலு பேர் கிடைத்தால் ஓட்டை அடைபடும். இப்போதுதான் கால் நடையாகப் போய்க் கேட்கும் வேலை. “அண்ணே, இந்த நாசிலை இப்ப யார்கிட்ட, என்ன ரேட்டுக்கு வாங்குறீங்க? போன வருஷம் எத்தனை ரிஜெக்ட் ஆச்சு?” ரிஜெக்ட் பற்றிக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறினால் அங்கே இடம் இருக்கிறது. “குறையே இல்லை, பத்து வருஷமா ஒரே ஆள்தான்” என்றால் விலையைக் குறைத்துத்தான் நுழைய முடியும். அந்தக் குறைந்த விலையில் மணிக்கு 350 தேறுமா என்று மறுபடி கணக்குப் போட வேண்டும்.

உடனே ஆர்டர் வராது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அடுப்புக்கு ஐஎஸ் 4246 என்ற இந்தியத் தரம் உண்டு. சூட்டில் 68 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. நாசில் மாறினால் அந்த எண் மாறும் என்பதால் அடுப்புக்காரர் புது ஆளைச் சேர்க்கத் தயங்குவார். சாம்பிள், சோதனை, சிறு ஆர்டர், பிறகு பெரிய ஆர்டர் என்று மாதங்கள் ஓடும். ஒரு வருடம் ஆகுமென்றால் மாதம் 23,000 வீதம் இரண்டே முக்கால் லட்சம் கையிருப்பு தேவை. உதிரிபாகக் கடைக்காரர்கள் தரும் அவகாசம் இங்கேதான் உதவுகிறது.

மாற்று வாங்குபவரைத் தேடும் இந்த வேலையைப் பெரிய அளவில், காலத்தே செய்து காட்டியவர்கள் சுவிட்சர்லாந்தில் வால்டன்பர்க் என்ற சிற்றூரில் இருந்தார்கள். ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன் கடிகாரத் துறைப் பொறியாளர். கடிகாரத்தின் மயிரிழை ஸ்பிரிங், வெயிலுக்கும் குளிருக்கும் மாறாத, துருப்பிடிக்காத உலோகக் கலவையாக இருக்க வேண்டும், அதில் கரைகண்டவர். 1954ல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். எலும்பு முறிவுக்கு உள்ளே தகடும் திருகும் வைத்துச் சேர்க்க முயன்ற சுவிஸ் அறுவை மருத்துவர்களுக்கு, உடலுக்குள் அரிக்காத உலோகம் தேவைப்பட்டது. 1960ல் இரு தரப்பும் சேர்ந்தன. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் செய்கோ விற்பனைக்குக் கொண்டுவந்தது 1969 டிசம்பரில்தான். அதன் பிறகு சுவிஸ் கடிகாரத் துறையில் சுமார் 90,000 பேராக இருந்த தொழிலாளர்கள் 1980களின் நடுவில் 30,000 பேர் அளவுக்குக் குறைந்தார்கள். ஸ்ட்ராமன் நிறுவனமோ 1974ல் பல் பொருத்தும் உலோகத் திருகில் இறங்கியது. இன்றும் அந்தத் தொழிலில் முன்னணியில் இருக்கிறது. அவர்களிடம் கடிகாரக்காரர் வாங்கியதும் மருத்துவர் வாங்கியதும் ஒரே அறிவு. அந்த இரண்டாவது ஆள் முதலாமவர் நன்றாக இருந்தபோதே உள்ளே வந்துவிட்டார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். மருத்துவத்தில் ஒப்புதலுக்கு ஆகும் காலத்தை நினைத்தால், 1975ல் தேட ஆரம்பித்திருந்தால் அவர்களும் அந்த 60,000 பேரோடு போயிருப்பார்கள்.

நம் ஓசூர்க்காரருக்கு வருவோம். இத்தனை பெயரில் இரண்டு வகைதான் தேறின: அவகாசம் தரும் பழைய வண்டிக்காரர்கள், உண்மையில் மாற்றாக வரக்கூடிய அடுப்புக்காரர்கள். ஒரே ஒரு மாற்று என்பது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. 2018ல் அவர் என்னிடம் கேட்டிருந்தால், பாதி விலைக்குப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, தவணையை 27,000 ஆக்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அப்போது தேவை மாதம் 87,000. ஜெட் பாதி போன பிறகு கிடைக்கும் 91,000 அதற்குப் போதும். இன்று எஞ்சின் பாகத்துக்காகக் கடன் வாங்கப் போகிறவர்கள், பட்டியலில் தேறிய முதல் இரண்டு பேருக்குச் சாம்பிள் கொடுத்து அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டுக்கொண்ட பிறகு வங்கிக்குப் போங்கள்.