நிற்காமல் ஓடிய ஆர்டர்கள்

விலையைப் படிப்பது, முடிவெடுப்பது, புரோக்கரின் ஏபிஐ வழியே ஆர்டர் அனுப்புவது: டிரேடிங் பாட் செய்யும் வேலைகள் இவை. எத்தனை பங்கு கைக்கு வந்தது என்று எண்ணி, போதுமானதும் நிறுத்துவதுதான் அதன் உயிர்நாடி.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டலில் அறுந்தது அந்த நாடிதான். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அதில் கைவிடப்பட்ட பழைய நிரல் விழித்துக்கொண்டது. ஆர்டர் நிறைவேறிவிட்டதை அது உணரவில்லை, அனுப்பிக்கொண்டே இருந்தது. பதறிய ஊழியர்கள் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்க, நிலைமை இன்னும் மோசமானது. 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

சிறிய பாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆர்டருக்குப் பதில் வரவில்லையென்றால் உடனே மறுபடி அனுப்பக்கூடாது; முதல் ஆர்டர் சந்தைக்குப் போயிருக்கலாம். ஆர்டர் புக்கைப் பார்த்த பிறகே அடுத்தது.