பி.எச். சென்சாருக்கு ஏற்ற ஆப்-ஆம்ப்

நீரின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். சென்சாரின் கண்ணாடி மின்முனை, 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச். அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் தருகிறது. ஆனால் அதன் உள்மின்தடை மிக அதிகம். 100 மெகா ஓம் அளவில் இருப்பது சாதாரணம். ஆகவே இதற்கான ஆப்-ஆம்பைத் தேடும்போது, டேட்டா ஷீட்டில் முதலில் பார்க்க வேண்டியது பயாஸ் கரன்ட்.

ஆப்-ஆம்பின் உள்ளீட்டு முனை வழியே எப்போதும் ஓடும் சிறு மின்னோட்டமே பயாஸ் கரன்ட். அது சென்சாரின் மின்தடை வழியாகப் பாயும்போது பொய்யான மின்னழுத்தம் உண்டாகிறது. மலிவாகக் கிடைக்கும் LM358-க்கு இது 20 நானோ ஆம்பியர் என்று கொண்டால், 100 மெகா ஓமில் பிழை 2 வோல்ட். அளக்க வேண்டிய மின்னழுத்தமே அதில் மூழ்கிவிடும். சிமாஸ் வகையான MCP6002-க்கு அறை வெப்பத்தில் வழக்கமான அளவு 1 பிக்கோ ஆம்பியர்தான். பிழை 0.1 மில்லிவோல்ட், அதாவது ஏறத்தாழ 0.002 பி.எச். ஆனால் வெப்பம் ஏறினால் இது வேகமாகக் கூடும்: 85 டிகிரியில் 19 பிக்கோ ஆம்பியர், பிழை 0.03 பி.எச். ஆகவே முதல் பக்க எண்ணோடு நிற்காமல், வெப்பநிலை வரைபடத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது அலைவரிசை அகலம். MCP6002-இன் 1 மெகாஹெர்ட்ஸை 5 மடங்குப் பெருக்கத்தால் வகுத்தால் 200 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். பி.எச். மாற்றம் நொடிக்கணக்கில் நிகழ்வதால் இது தேவைக்கு மிக அதிகம். வேகமான ஆப்-ஆம்புக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

மெதுவான சிக்னல் என்பதால், நாய்ஸைப் பொறுத்தவரை 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையிலான எண்ணே முக்கியம். MCP6002-இல் அது உச்சிக்கு உச்சி சுமார் 6 மைக்ரோவோல்ட். 59 மில்லிவோல்ட்டுக்கு முன் அது பொருட்டல்ல. 100 மெகா ஓம் மின்தடையின் வெப்ப நாய்ஸே அதைவிடப் பெரிது.

கடைசியாக மின்வழங்கல். MCP6002 1.8 முதல் 6 வோல்ட் வரை இயங்கும், 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலருடன் பொருந்தும். ஆனால் பி.எச். 7-க்கு மேலே போனால் மின்முனையின் மின்னழுத்தம் எதிர்மறையாகும். ஒற்றை மின்வழங்கலில் அதை அளக்க, ஒப்பு மின்முனையை 1.65 வோல்ட்டில் நிறுத்த வேண்டும்.

இணைத்தபின் சோதிப்பது எளிது. மின்முனையைக் கழற்றி, உள்ளீட்டை நேரடியாக 1.65 வோல்ட்டில் இணைத்து ஒரு முறையும், 100 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு முறையும் வெளியீட்டை அளக்க வேண்டும். வேறுபாடு டேட்டா ஷீட் சொல்வதைவிட அதிகமானால், பெரும்பாலும் குற்றவாளி ஆப்-ஆம்ப் அல்ல. போர்டில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸும் ஈரமும்தான். போர்டைக் கழுவி உலர்த்திய பிறகே ஆப்-ஆம்பை மாற்ற யோசிக்க வேண்டும்.