பிரஸ்காரர் கேட்கும் கேள்விகள்

ஒரு நிறுவனம் புது லோகோ செய்துகொண்டால் கூடவே ஒரு கையேடும் வரும். பிராண்ட் கைடுலைன் என்பார்கள். லோகோவை எந்த அளவில், எந்த நிறத்தில், எங்கே போடலாம், எப்படிப் போடக் கூடாது என்று சொல்வது அதன் வேலை. வடிவமைப்பாளர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, அவர் முகத்தையே பார்த்திராத பிரஸ்காரரும் ஃப்ளெக்ஸ் அடிப்பவரும் போர்டு செய்பவரும் அந்தக் கையேட்டை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட கையேடுகள் வெளியே போகும் முன் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று.

எழுதியதில் தப்பு இருந்தால் படிக்கும்போதே தெரிந்துவிடும். எழுதாமல் விட்டது அப்படித் தெரியாது. பக்கங்கள் பளிச்சென்று இருந்தால் எல்லாமே இருப்பதுபோலத் தோன்றும். அதனால் கையேட்டைப் படித்துப் பார்ப்பதோடு நான் நிறுத்துவதில்லை. ஒரு சின்ன வேலை, ஒரு பெரிய வேலை, ஒரே மையில் அச்சாகும் வேலை என்று மூன்றை எடுத்துக்கொண்டு, அதில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்து பார்ப்பேன். எந்த இடத்தில் யாருக்காவது போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறதோ, அங்கே ஒரு விதி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு காபித்தூள் நிறுவனத்தின் கையேட்டை எடுத்துக்கொள்வோம். லோகோவில் இடது பக்கம் ஒரு மெரூன் வட்டம், அதற்குள் மஞ்சளில் டபரா டம்ளர். வலது பக்கம் மெரூன் நிறத்தில் தமிழ்ப் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் மஞ்சளாக ஆங்கிலப் பெயர். மொத்த அகலம் வட்டத்தின் உயரத்தைப்போல மூன்று மடங்கு. லோகோ நன்றாகவே இருந்தது. கையேட்டில்தான் ஓட்டைகள்.

முதலில் காலியிடம். லோகோவைச் சுற்றி வேறு எழுத்தோ படமோ ஓரமோ நெருங்கக் கூடாத இடம் இது. கையேட்டில் ஒரே ஒரு வரி: 'லோகோவைச் சுற்றிக் குறைந்தது 10 மில்லிமீட்டர் இடம் விடவும்.' எண் இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். செய்து பார்த்தால் சங்கதி வேறு. விசிட்டிங் கார்டில் லோகோ 30 மில்லிமீட்டர் அகலம் என்றால் வட்டம் 10 மில்லிமீட்டர் உயரம். அதைச் சுற்றி 10 மில்லிமீட்டர் விட்டால், 90க்கு 55 அளவுள்ள கார்டில் 50க்கு 30 லோகோவுக்கே போய்விடும். பெயரும் போன் நம்பரும் ஒரு மூலையில் ஒடுங்க வேண்டியதுதான். அதே விதியைப் பத்தடி நீளக் கடை போர்டுக்குக் கொண்டுபோனால், ஆறடி லோகோவுக்குப் பக்கத்தில் 10 மில்லிமீட்டர் தள்ளி டீலர் தன் செல் நம்பரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். கையேட்டின்படி அதில் தப்பே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் நம்பரும் லோகோவும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காலியிடத்தை லோகோவுக்குள்ளேயே இருக்கும் ஒன்றைக் கொண்டு அளந்தால் இந்தச் சிக்கல் போய்விடும். லோகோ வளர்ந்தால் இடமும் வளரும், சுருங்கினால் இடமும் சுருங்கும். நம் தேசியக் கொடிக்கு அப்படித்தான் விதி செய்திருக்கிறார்கள். நீளமும் உயரமும் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு. கோட்டையில் பறக்கும் பெரிய கொடிக்கும் மேஜைமேல் நிற்கும் சின்னக் கொடிக்கும் அந்த ஒரே வரி போதும்.

காபி லோகோவில் அளவுகோலாக வட்டத்தை எடுத்துக்கொண்டோம். அதன் உயரத்தில் பாதி என்றுதான் ஆரம்பித்தோம். கார்டிலும் போர்டிலும் பார்க்க நன்றாக இருந்தது. ஐம்பது கிராம் பாக்கெட்டில்தான் இடித்தது. அங்கே எடை, விலை, உரிம எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி எல்லாம் சட்டப்படி இருந்தாக வேண்டும். பாதி என்றால் அவற்றுக்கு இடமே இல்லை. கால் பங்கு என்றதும் பொருந்தியது. இப்போது கார்டில் இரண்டரை மில்லிமீட்டர் விட்டால் போதும். வட்டம் இரண்டடி உயரமுள்ள போர்டில் அரையடி விட வேண்டும். காலியிட அளவை இப்படி ஆக நெருக்கடியான வேலையில் வைத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தாராளமாக எழுதி வைத்தால் முதல் பாக்கெட்டிலேயே அதை மீறுவார்கள். ஒரு முறை மீறிய விதியை அப்புறம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

எங்கிருந்து அளப்பது என்பதும் எழுதப்படவில்லை. தமிழில் இது முக்கியம். இதே லோகோவுக்கு, வட்டம் மேலேயும் பெயர் கீழேயுமாக இன்னொரு அமைப்பும் இருந்தது. அதில் தமிழ் எழுத்தின் உகரக் கால் கீழே இறங்கி நிற்கும். எழுத்தின் உடம்பிலிருந்து அளந்தால் அந்தக் கால் காலியிடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கையேட்டுப் படத்தில் அளவுக்கோடு புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் வெளியே, கடைசி விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்துக்கொடுத்தேன்.

அடுத்தது நிறம். கையேட்டில் இரண்டு நிறக் கட்டங்கள், கீழே `#7B1E2B`, `#F2B705` என்று இரண்டு குறிகள், அவ்வளவுதான். இவை திரைக்கான குறிகள். பிரஸ்ஸில் ஓடுவது நான்கு மைகளின் கலவை. திரைக் குறியை மட்டும் கொடுத்தால் அதை மையாக மாற்றும் வேலை பிரஸ்ஸில் உள்ள கம்ப்யூட்டரின் கையில் போய்விடும். அந்த மாற்றம் மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. ஆகவே இரண்டு ஊர்களில் அடித்தால் இரண்டு மெரூன்கள் வரும், இருவருமே கையேட்டைப் பின்பற்றியிருப்பார்கள். நான்கு மைகளின் சதவீதத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். தனி மையாகக் கலந்து அடிப்பவர்களுக்கு மை எண் வேண்டும். அதையும் பளபளப்பான தாளுக்கு ஒன்று, சாதாத் தாளுக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டும். சாதாத் தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் ஒரே மை அதில் மங்கித் தெரியும்.

எந்தப் பின்னணியில் எந்த நிறம் என்ற கேள்வியைத்தான் பலரும் கேட்பதே இல்லை. இந்தக் கையேட்டில் லோகோ எல்லாப் பக்கத்திலும் வெள்ளைமேல் இருந்தது. கடையிலோ பழுப்புக் காகிதப் பை, மெரூன் டப்பா, போட்டோமேல் விளம்பரம் என்று எல்லாமே வரும். இரண்டு நிறங்களுக்கு இடையே எவ்வளவு வெளிச்ச வேறுபாடு இருக்கிறது என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையில் அது இருக்கிறது. சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 குறைந்தபட்சம் என்று அது கேட்கிறது. லோகோ எழுத்துக்கு அந்த நெறிமுறை விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனாலும் கண்ணுக்கு விலக்கு கிடையாதே என்று நான் அதே சூத்திரத்தால் அளந்து பார்ப்பேன்.

வெள்ளைமேல் மெரூன் 10:1க்குச் சற்று மேலே வருகிறது, கவலை இல்லை. மெரூன்மேல் மஞ்சள் 5.6:1, அதுவும் சரி. வெள்ளைமேல் மஞ்சள் 1.8:1தான். அதாவது அந்தப் பொடி ஆங்கிலப் பெயரை வெள்ளைத் தாளில் யாரும் படிக்கப்போவதில்லை. மெரூன் டப்பாமேல் கறுப்பு லோகோவை அடித்தால் 2:1. அதுவும் தெரியாது. இந்தக் கணக்கிலிருந்தே விதிகள் வந்துவிட்டன. வெளிர் பின்னணியில் ஆங்கில வரி மெரூனில் வரட்டும், மெரூன் பின்னணியில் பெயர் வெள்ளையில் வரட்டும், மெரூன்மேல் கறுப்பு லோகோ வேண்டாம் என்று எழுதினோம். பழுப்புப் பைக்குக் கணக்கு உதவாது. அச்சு மை ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. காகிதத்தின் பழுப்பு மஞ்சளுக்குள் தெரிந்து அது சேற்று நிறமாகிவிடும். அதனால் அங்கே மெரூன் மட்டும் என்று வைத்தோம். கடையில் பில் அடிக்கும் மெஷினுக்குக் கறுப்பு ஒன்றுதான் தெரியும். வண்ண லோகோவை அதில் கொடுத்தால் மஞ்சள் பொட்டுப் பொட்டாகச் சிதறும், டம்ளர் இருந்த இடமே தெரியாது. அதற்கு ஒரே நிறத்தில் தனியாக வரைந்த கோப்பு வேண்டும். கையேட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

கடைசியாக, 'இப்படிச் செய்யக் கூடாது' பக்கம். அதில் ஆறு படங்கள் இருந்தன. லோகோவை இழுத்திருக்கிறார்கள், சாய்த்திருக்கிறார்கள், நிழல் போட்டிருக்கிறார்கள், நிறம் மாற்றியிருக்கிறார்கள், கோடு சுற்றியிருக்கிறார்கள், தலைகீழாக வைத்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் ஒட்டிவிடக்கூடிய படங்கள். தலைகீழ் லோகோவை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. உண்மையில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. அவை என்னவென்று தெரிய, டீலர் கடைகளின் போர்டு, பில், வாட்ஸ்ஆப் விளம்பரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். வாட்ஸ்ஆப்பில் வந்த ஜேபெக் படத்தை எடுத்து மெரூன் போர்டில் வைத்ததால் லோகோவைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி வந்திருந்தது. தமிழ்ப் பெயரை வேறு எழுத்துருவில் புதிதாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். பொங்கலுக்கு வட்டத்தைச் சுற்றிக் கரும்பு கட்டியிருந்தார்கள். டீலர் தன் கடைப் பெயரை லோகோவின் கீழேயே ஒட்டவைத்து இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார்.

இந்தப் பக்கத்தைச் சரிபார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தவறான படத்துக்கும், அது மீறுகிற விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதுவேன். கரும்பு கட்டிய படத்துக்கு எதிரே எழுத எதுவும் கிடைக்கவில்லை. பண்டிகை அலங்காரம் பற்றிக் கையேடு வாயே திறக்கவில்லை. லோகோவைத் தொடாமல் காலியிடத்துக்கு வெளியே அலங்கரிக்கலாம் என்று ஒரு விதி சேர்ந்தது. டீலர் பெயர் பற்றியும் எதுவும் இல்லை. அதற்கும் காலியிடமே பதில் சொன்னது. பக்கத்தில் எந்தப் பெயர் வந்தாலும் நடுவில் கால் வட்டம் இடைவெளி இருக்க வேண்டும், லோகோவைவிட அது உயரமாக இருக்கக் கூடாது என்று எழுதினோம். மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். படமே இல்லாத விதியை ஃப்ளெக்ஸ் கடையில் யாரும் தேடிப் படிக்க மாட்டார்கள்.

படங்களிலும் கவனிக்க இரண்டு உண்டு. ஒரு படத்தில் ஒரு தவறுதான் இருக்க வேண்டும். இழுத்து, சாய்த்து, நிறமும் மாற்றிய லோகோவைக் காட்டினால் எது குற்றம் என்று பார்ப்பவருக்குப் புரியாது. இன்னொன்று, தவறான லோகோவைக் கையேட்டின் பிடிஎஃப்பில் அப்படியே வெட்டி எடுக்கும்படி வைக்கக் கூடாது. அவசரத்தில் அதைத்தான் யாராவது எடுத்து அச்சுக்கு அனுப்புவார்கள். குறைந்த தெளிவுள்ள படமாக மாற்றி, பெருக்கல் குறியை மூலையில் போடாமல் லோகோவின் மேலேயே போட்டுவிட்டால் அந்த அபாயம் இல்லை.

திருத்திய கையேட்டை இதில் சம்பந்தமே இல்லாத ஒரு பிரஸ்காரரிடம் கொடுத்து, கார்டு, பை, போர்டு மூன்றுக்கும் மாதிரி போடச் சொன்னோம். மூன்றும் போன் வராமலே வந்து சேர்ந்தன. அவர் கேட்டது வேறொன்று: வாட்ஸ்ஆப் பிசினஸ் கணக்கின் வட்டப் படத்துக்குள் மூன்று மடங்கு அகலமுள்ள லோகோவை எப்படி வைப்பது? அதற்கும் ஒரு வரி சேர்த்தோம். வட்டமான இடத்தில் டம்ளர் சின்னம் மட்டும் வரும், பெயர் வராது, காலியிட விதி அங்கே மட்டும் பொருந்தாது.